கட்டின வரியை மறுபடியும் கேட்டால்? டிமாண்டை ரத்து செய்ய வைப்பது எப்படி

ஆரணியாறு அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் பிச்சாட்டூர், 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் வருகிறது. ஆந்திராதான், ஆனால் ஊத்துக்கோட்டை கூப்பிடு தூரம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலைக்கு ஸ்ரீசிட்டி அல்லது சென்னை என்று வாழும் இளைஞர்கள் இந்தப் பக்கம் நிறைய. அப்படி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும்போது பிச்சாட்டூர் வீட்டு முகவரியில் பான் கார்டு எடுத்தார். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2025 நவம்பரில் ஒருநாள் மாலை போனில் ஒரு மெயில் வருகிறது: 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு நீங்கள் 31,650 ரூபாய் வரி கட்ட வேண்டும், 30 நாளுக்குள் கட்டுங்கள்.

அவருக்கு முதலில் வரும் கேள்வி, "ஜூலையிலேயே கட்டியாச்சே?" என்பது. வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஜூலை 22 அன்று 30,530 ரூபாய் போயிருக்கிறது. சலான் பிடிஎஃப்பும் கையில் இருக்கிறது. பிறகு ஏன் கேட்கிறார்கள்? அதைவிட, கட்டியது 30,530, கேட்பது 31,650. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்து மறுபடியும் கட்டிவிடுகிறார்கள். அல்லது "நான்தான் கட்டிட்டேனே" என்று மெயிலை மூடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. இடையில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது ஒரு பதிலை அனுப்பியதோடு முடிவதில்லை, இரண்டு மூன்று படி உள்ளது.

மெயில் நிஜமா?

இந்தப் பெயரில் வரும் போலி மெயில்கள் ஏராளம் என்பதால் முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மெயிலில் உள்ள எந்த லிங்க்கையும் தொடாமல், நீங்களே பிரவுசரில் incometax.gov.in என்று டைப் செய்து லாகின் செய்யுங்கள். மேலே Pending Actions என்ற மெனுவில் Response to Outstanding Demand என்று இருக்கும். டிமாண்ட் நிஜமாக இருந்தால் அங்கே தொகையோடும், டிமாண்ட் குறிப்பு எண்ணோடும் தெரியும். அங்கே இல்லையென்றால் மெயிலை நம்பாதீர்கள்.

மெயிலோடு வரும் பிடிஎஃப் பூட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டு, பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டியே பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். அந்தப் பிடிஎஃப்தான் வருமான வரிச் சட்டம் 1961-இன் 143(1) பிரிவின் கீழ் பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையம் அனுப்பும் இன்டிமேஷன். நம் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. பலர் திறந்து கடைசிப் பக்கத்து தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இரண்டு காலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்

இன்டிமேஷனில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று, நீங்கள் ரிட்டர்னில் சொன்னது. இன்னொன்று, துறை கணக்கிட்டது. மேலிருந்து கீழே வாருங்கள். சம்பளம் ஒன்றா? மொத்த வருமானம் ஒன்றா? வரி ஒன்றா? டிடிஎஸ் ஒன்றா? எந்த வரியில் முதன்முதலாக இரண்டு எண்களும் வேறாகிறதோ, அங்கேதான் பிரச்சினை.

நம் பிச்சாட்டூர்க்காரர் விஷயத்தில் வருமானம் ஒன்று, வரி ஒன்று, டிடிஎஸ் ஒன்று. சுயமதிப்பீட்டு வரி என்ற வரிக்கு வந்ததும் அவர் பக்கம் 30,530, துறை பக்கம் பூஜ்ஜியம். அதாவது வருமானத்திலோ கழிவிலோ யாருக்கும் தகராறு இல்லை. அவர் கட்டிய பணம் துறையின் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும். இவர் நடுவில் கம்பெனி மாறியவர். இரண்டு கம்பெனியும் தனித்தனியாக வரிவிலக்கு வரம்பைக் கொடுத்துவிட்டதால் டிடிஎஸ் குறைவாகப் பிடிக்கப்பட்டு, ரிட்டர்ன் போடும்போது 28,000 ரூபாய் பாக்கி வந்தது. முன்கூட்டி வரி கட்டாததற்கு 234பி வட்டி மாதம் 1 சதவீதம்: ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 1,120. தவணை தவறியதற்கு 234சி வட்டி 1,414. கூட்டினால் 30,534. பத்தின் மடங்காக்கி 30,530. சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

துறை கணக்கில் அந்தப் பணம் இல்லையென்பதால் 234பி வட்டி நவம்பர் வரை, அதாவது எட்டு மாதத்துக்கு ஓடியிருக்கிறது: 2,240. 28,000, 2,240, 1,414 மூன்றையும் கூட்டினால் 31,654. ஆக 31,650. அந்தக் கூடுதல் 1,120 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது. பணம் தொலைந்துபோனதன் மேல் போட்ட வட்டி அது.

பணம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

நெட்பேங்கிங்கில் கட்டிய வரி காணாமல் போகாது. அரசுக் கணக்கில்தான் இருக்கும், ஆனால் தப்பான அறையில் இருக்கும். அதைத் தேடும் இடம் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. போர்டலிலேயே ஏஐஎஸ் திறந்து, வரி செலுத்திய விவரங்கள் உள்ள பகுதிக்குப் போங்கள். பழைய பழக்கத்தில் பலர் 26ஏஎஸ் படிவத்தில் தேடுகிறார்கள். 2023-24 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ், டிசிஎஸ் விவரங்கள்தான் வருகின்றன. நாமே கட்டிய வரி ஏஐஎஸ்ஸில்தான் தெரியும். "26ஏஎஸ்ல என் பணமே இல்லையே" என்று அதனால் பதற வேண்டாம்.

நம்மவர் 2025-26 ஏஐஎஸ்ஸில் பார்த்தார், இல்லை. 2024-25 ஏஐஎஸ்ஸைத் திறந்தார். 30,530 அங்கே உட்கார்ந்திருக்கிறது.

சலானை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. கட்டும்போது கேட்ட ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு. அவர் சம்பளம் வாங்கியது 2024-25 நிதியாண்டில். மனசில் அந்த எண்ணே ஓடியதால் 2024-25 என்றே தேர்ந்தெடுத்துவிட்டார். 2024-25இல் சம்பாதித்த வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது. வரித் துறை அலுவலகங்களிலும் ஆடிட்டர்களிடமும் அடிக்கடி வரும் தவறு இது. (ரிட்டர்ன் ஃபைல் செய்யும் பக்கத்திலிருந்தே கட்டும் வசதி வழியாகப் போயிருந்தால் ஆண்டு தானாகவே நிரம்பியிருக்கும். தனியாகப் போய்க் கட்டுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.)

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை இருக்கிறது. சலான் சரியான ஆண்டில்தான் இருக்கும், ஆனால் ரிட்டர்னில் சலான் விவரம் டைப் செய்யும்போது ஓர் இலக்கம் தவறியிருக்கும். சலானை அடையாளம் காட்டுவது மூன்று விஷயங்கள்: வங்கிக் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு, கட்டிய தேதி, ஐந்து இலக்க வரிசை எண். மூன்றும் சேர்ந்ததுதான் சிஐஎன், அதாவது சலான் அடையாள எண். இதில் ஒன்று பிசகினாலும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்காது. இந்த வகை என்றால் நிம்மதி, நேரே ரெக்டிஃபிகேஷனில் விவரத்தைத் திருத்திப் போட்டால் முடிந்தது. ஆண்டு தப்பு என்றால்தான் வேலை அதிகம்.

பதில் போடுவது முதல் வேலை

Response to Outstanding Demand பக்கத்தில் அந்த டிமாண்டுக்கு நேரே Submit Response அழுத்தினால் இரண்டு தேர்வு வரும். ஒன்று Demand is correct. இதை அழுத்திவிட்டால் பிறகு மறுக்க முடியாது, அதனால் கையைத் தவறுதலாகக்கூட அங்கே கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது Disagree with demand (Either in Full or Part). இதைத் தேர்ந்தெடுத்ததும் காரணம் கேட்கும். கட்டியாச்சு, சலான் எண் இருக்கிறது என்பதற்கான காரணம் Demand paid and challan has CIN. பிஎஸ்ஆர் கோடு, தேதி, வரிசை எண், தொகை நிரப்பி, சலான் பிடிஎஃப்பை இணைக்க வேண்டும். குறிப்பு எழுதும் கட்டத்தில் இரண்டே வாக்கியம் போதும்: சுயமதிப்பீட்டு வரி 30,530 ரூபாய் ஜூலை 22, 2025 அன்று செலுத்தப்பட்டது, சலானில் மதிப்பீட்டு ஆண்டு தவறாக 2024-25 என்று தேர்வாகிவிட்டது, திருத்தம் கோரப்பட்டுள்ளது. அனுப்பியதும் ஒரு பரிவர்த்தனை எண் வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இணைப்பு என்று வரும்போது ஒரு சின்ன விஷயம். வங்கி ஸ்டேட்மென்ட்டை மட்டும் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட் பணம் போனதைக் காட்டும், எந்த வரிக்கு, எந்த ஆண்டுக்குப் போனது என்பதைக் காட்டாது. சலான் ரசீதுதான் ஆதாரம். அது கையில் இல்லையென்றால் போர்டலில் e-Pay Tax பகுதியில் கட்டிய சலான்களின் பட்டியலில் போய் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டேட்மென்ட்டைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலைப் போட்டவுடன் டிமாண்ட் ரத்தாகிவிடும் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவதுதான் அடுத்த சறுக்கல். பதில் உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்கிறது. ஆனால் துறையின் பதிவேட்டில் பணம் இன்னும் 2024-25 அறையில்தான் இருக்கிறது. அதை நகர்த்தாத வரை கணக்கு மாறாது.

ஏழு நாள் கணக்கு

போர்டலில் Services மெனுவில் Challan Correction என்று ஒரு வசதி இருக்கிறது. 2020-21 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கட்டிய சலான்களில் தவறை நீங்களே திருத்தக் கேட்கலாம். ஆனால் ஆண்டை மாற்ற, பணம் கட்டிய தேதியிலிருந்து 7 நாள்தான் அவகாசம். வரி வகையை, அதாவது முன்கூட்டிய வரியா, சுயமதிப்பீட்டு வரியா என்பது போன்ற தவறை மாற்ற 30 நாள். ஒரு சலானுக்கு ஒரே ஒரு தடவைதான் இப்படிக் கேட்க முடியும்.

ஜூலை 22இல் கட்டி நவம்பரில் தெரிந்துகொண்டவருக்கு இந்தக் கதவு மூடியாகிவிட்டது. ரிட்டர்ன் போட்ட அன்றைக்கே ஏஐஎஸ்ஸில் ஒரு தடவை எட்டிப்பார்த்திருந்தால் அடுத்து வருவது எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

7 நாள் தாண்டினால் திருத்தும் அதிகாரம் உங்கள் பான் எண்ணுக்குரிய மதிப்பீட்டு அதிகாரியிடம் இருக்கிறது. பான் எந்த முகவரியில் இருக்கிறதோ, அதிகார வரம்பு பொதுவாக அதை ஒட்டித்தான் அமைகிறது. நம்மவர் வேலை பார்ப்பது சென்னையில், ஆனால் பான் பிச்சாட்டூர் முகவரியில். அதனால் அவர் நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்குப் போய் நின்று பிரயோஜனம் இல்லை. திருப்பதி அலுவலகத்து அதிகாரியைத்தான் அணுக வேண்டும். நமக்கு எந்த அதிகாரி என்பதை ஊகிக்க வேண்டாம். போர்டலின் முகப்பில் Know Your AO என்ற இடத்தில் பான் எண்ணும் போன் எண்ணும் கொடுத்தால் வார்டு எது, அலுவலகம் எங்கே, மெயில் முகவரி என்ன என்பது வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், டிமாண்டை எழுப்பியது பெங்களூரு மையம். சலானைத் திருத்த வேண்டியது திருப்பதி அதிகாரி. பெங்களூருவுக்கு போன் செய்தால் "உங்க ஏஓவைப் பாருங்க" என்பார்கள். அதிகாரியிடம் போனால் "டிமாண்ட் சிபிசி போட்டது" என்று சொல்லக்கூடும். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. அதனால் நீங்கள் அதிகாரியிடம் கேட்க வேண்டியது டிமாண்டை ரத்து செய்யச் சொல்லி அல்ல. சலானின் ஆண்டை மாற்றச் சொல்லித்தான். கேட்பது சின்னதாகவும் தெளிவாகவும் இருந்தால் வேலை நடக்கும் வாய்ப்பு அதிகம்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறைக்கு வசதி. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"ஐயா/அம்மா, என் பான் எண்ணின் மீது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு 143(1) பிரிவின் கீழ் 18.11.2025 தேதியிட்ட இன்டிமேஷனில் 31,650 ரூபாய் டிமாண்ட் எழுப்பப்பட்டுள்ளது. இந்த ஆண்டுக்கான சுயமதிப்பீட்டு வரி 30,530 ரூபாயை 22.07.2025 அன்றே செலுத்திவிட்டேன். பிஎஸ்ஆர் கோடும் சலான் வரிசை எண்ணும் கீழே உள்ளன. செலுத்தும்போது மதிப்பீட்டு ஆண்டை 2025-26 என்பதற்குப் பதில் 2024-25 என்று தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன். 2024-25 ஆண்டுக்கான என் ரிட்டர்னில் இந்தச் சலானைக் கோரவில்லை. அந்த ஆண்டுக்கு எந்த டிமாண்டும் நிலுவையில் இல்லை. எனவே சலானின் மதிப்பீட்டு ஆண்டை 2025-26 என்று திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்."

இதில் கனமான வாக்கியம், அந்தச் சலானை வேறு ஆண்டுக்குக் கோரவில்லை என்பது. அதிகாரிக்கு உள்ள ஒரே கவலை, ஒரே பணத்தை இரண்டு ஆண்டுக்கும் காட்டிவிடுவார்களோ என்பதுதான். அதனால் 2024-25 ரிட்டர்னின் அத்தாட்சியையும், அந்த ஆண்டு இன்டிமேஷனையும் இணைத்துவிடுங்கள். கூடவே சலான், 2025-26 இன்டிமேஷன், இரண்டு ஆண்டு ஏஐஎஸ் பக்கங்கள், பான் நகல். சில அலுவலகங்களில், தவறாகக் கோரினால் பொறுப்பேற்கிறேன் என்று ஓர் உறுதிமொழிக் கடிதமும் கேட்பார்கள். அது வழக்கம்தான்.

மெயில் அனுப்பிவிட்டு, முடிந்தால் ஒரு நகலை நேரில் கொடுத்து தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குப் போய் வர ஒரு நாள் ஆகும், ஊருக்குப் போகும் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த முத்திரை பின்னால் எதற்கு உதவும் என்பதைச் சொல்கிறேன்.

சலான் நகர்ந்த பிறகு

சில வாரம் கழித்து 2025-26 ஏஐஎஸ்ஸில் 30,530 தெரிய ஆரம்பித்தால் அதிகாரி வேலையை முடித்துவிட்டார் என்று அர்த்தம். அப்போதும் டிமாண்ட் தானாக மறையாது. ரிட்டர்னை மறுபடி கணக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும். Services மெனுவில் Rectification போய், 154ஆம் பிரிவின் கீழ் Reprocess the return என்ற வகையைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ரிட்டர்னில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, நீங்கள் போட்ட விவரம் சரிதான். சலான் நகரும் முன்பே இதைப் போட்டால் கம்ப்யூட்டர் பழைய கணக்கையே திரும்பப் போட்டு அதே 31,650ஐக் கேட்கும். பலர் இரண்டு மூன்று தடவை ரெக்டிஃபிகேஷன் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

154 உத்தரவு வந்ததும் மறுபடி அந்த இரண்டு காலங்களைப் பாருங்கள். சுயமதிப்பீட்டு வரி இரண்டு பக்கமும் 30,530 இருக்க வேண்டும். 234பி வட்டியும் 1,120க்கு இறங்கியிருக்க வேண்டும். பணம் கட்டிய தேதி ஜூலை 22தான், சலான் திருத்திய தேதி அல்ல. வட்டி 2,240 ஆகவே இருந்தால் 1,120 ரூபாய் பாக்கி என்று ஒரு குட்டி டிமாண்ட் மிஞ்சும். அதையும் ஏற்காமல் அதே வழியில் மறுக்கலாம்.

அவசரம் எதற்கு? இன்டிமேஷன் கிடைத்து 30 நாள் தாண்டினால் 220(2) பிரிவின் கீழ் மாதம் 1 சதவீதம் வட்டி ஓட ஆரம்பிக்கும். இவர் கணக்கில் மாதம் சுமார் 316 ரூபாய். டிமாண்ட் முழுவதும் நீங்கினால் அந்த வட்டியும் நீங்கும். அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த ஆண்டு உங்களுக்கு ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் 245ஆம் பிரிவின் கீழ் அதிலிருந்து இந்தப் பழைய டிமாண்டைக் கழித்துக்கொள்ளலாம். கழிக்கும் முன் உங்களுக்கு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 21 நாள். வரும் மெயிலைக் கவனிக்காமல் விட்டால் ரீஃபண்ட் போய்விடும். அடுத்தது அதைத் திரும்பப் பெறுவதற்கு ஓட்டம்.

தப்பு உங்களுடையதே இல்லையென்றால்?

நம்மவர் தப்பாவது அவர் கையால் நடந்தது. சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டு, கம்பெனி அதை அரசுக்குக் கட்டவில்லை அல்லது உங்கள் பான் எண்ணில் காட்டவில்லை என்றால்? 26ஏஎஸ்ஸில் வராது, டிமாண்ட் வரும். இது நாட்டளவில் ஒரு காலத்தில் பெரிய பிரச்சினையாகி நீதிமன்றத்துக்கே போனது.

2012இல் ஒரு பட்டயக் கணக்காளர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். டிடிஎஸ் பொருந்தாததால் எழும் பொய் டிமாண்டுகள், அறிவிப்பே கொடுக்காமல் அவற்றுக்காகக் கழிக்கப்படும் ரீஃபண்டுகள் பற்றிய கடிதம் அது. நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான சஞ்சீவ் கன்னா இருந்த அமர்வு 2013 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தது. வரி செலுத்துபவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தராமல் ரீஃபண்டைக் கழிக்கக் கூடாது என்றும், 154 விண்ணப்பங்களுக்குப் பதிவேடு வைத்து உரிய காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. மேலே முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். 154ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து 6 மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்லியாக வேண்டும். எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால்தான் அந்த 6 மாதத்தை எண்ண முடியும்.

தீர்ப்பைத் தொடர்ந்து 2013 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. டிடிஎஸ் சான்றிதழோடு வருபவரின் விவரத்தைச் சரிபார்த்து அதிகாரி வரவு கொடுக்க வேண்டும் என்றது. பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாத நிறுவனங்கள் விஷயத்தில் சட்டத்தின் 205ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. 2015 ஜூன் 1 அன்று வாரியம் இதை அதிகாரிகளுக்கு எழுதியது, 2016 மார்ச்சில் மறுபடி நினைவூட்டியது.

இந்த வகையில் உங்கள் ஆதாரம் சலான் அல்ல. படிவம் 16, பிடித்தம் காட்டும் மாதச் சம்பளச் சீட்டுகள், பிடித்தது போக மீதி வந்து சேர்ந்ததைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட். முதலில் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்கள் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்திப் போட்டால் 26ஏஎஸ் சரியாகிவிடும், பிறகு Reprocess போதும். கம்பெனி மூடிவிட்டது அல்லது பதில் இல்லை என்றால் 205ஐயும் 2015 கடிதத்தையும் குறிப்பிட்டு மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். இது உங்களிடமிருந்து வசூலிப்பதைத் தடுக்கும். ஆனால் கம்பெனி கட்டாத பணத்துக்கு ரீஃபண்ட் வாங்குவது வேறு விஷயம், அது எளிதல்ல.

ரொம்பப் பழைய டிமாண்டுகள் அப்பா அம்மா பான் எண்ணில் தெரிந்தால் ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தபடி, 2009-10 வரையிலான காலத்துக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள நேரடி வரி டிமாண்டுகள் தள்ளுபடி ஆயின. ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் என்பது உச்சவரம்பு. அதனால் லாகின் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பதறுங்கள்.

புதிய வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே போய் 'வரி ஆண்டு' வருகிறது. நம்மவர் விழுந்த குழி இனி மெல்ல மூடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் விவகாரம் பழைய சட்டத்தின்படியே முடியும், கடிதத்தில் மேலே சொன்ன பிரிவு எண்களையே எழுதுங்கள். பெங்களூரு மையத்தின் உதவி எண் 1800 103 0025. அழைக்கும்போது பான் எண், டிமாண்ட் குறிப்பு எண், சலானின் மூன்று விவரங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசியது எந்தத் தேதி, கிடைத்த புகார் எண் என்ன என்பதை அதே ஃபோல்டரில் குறித்து வையுங்கள்.